34 ஸ்லைடுக்கு எழுதி வைத்த பேச்சை 8 நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். எந்த ஸ்லைடுகளை வைத்துக்கொள்வது?

அநேகமாக நாளைக்கே பேச வேண்டியிருக்கும், இல்லையா? அப்படியானால் வாக்கியங்களைச் சுருக்க உட்காராதீர்கள். ஸ்லைடையே முழுசாகத் தூக்குங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தால் எதுவும் கேட்பவர் மனதில் நிற்காது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களுக்காகப் பேசுவது என் வேலை. பயிற்சிக்கு வைத்திருந்த அரை மணி நேரப் பேச்சை ஒரு அதிகாரிகள் கூட்டத்துக்காக வெட்டினேன். என் வேகம் நிமிடத்துக்கு 90 சொல். மைக் வாங்கி வணக்கம் சொல்லவே ஒரு நிமிடம் போய்விடும். மிச்சம் ஏழு நிமிடம், அதாவது 630 சொல். ஸ்லைடுக்குச் சுமார் 80 சொல் எழுதியிருந்தேன். கணக்குப்படி ஏழெட்டு தாங்கும். மூச்சுவிட இடம் வைத்து ஆறு என்று முடிவு செய்தேன்.

எந்த ஆறு? நான் கேட்கப் போனது ஒன்றுதான்: மழைக்காலம் முடிந்ததும் விதைப்பாசி குழுக்களுக்கு நேரத்தோடு கிடைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்லைடையும் கையால் மறைத்து, "இது இல்லாவிட்டால் அவர்கள் மறுக்கக் காரணம் கிடைக்குமா?" என்று பார்த்தேன். பாசி வகைகள், எதற்கெல்லாம் பயன்படுகிறது, கயிற்றில் கட்டும் முறை எல்லாம் போயின. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் அருமையான படமும் போனது. வடகிழக்குப் பருவக் காற்றில் நொறுங்கிய மிதவை, 45 நாள் அறுவடைச் சுற்று, விதை இல்லாமல் வீணாகும் மாதங்கள், செலவு, கோரிக்கை, யார் பொறுப்பு ஆகியவை நின்றன.

இங்கேதான் பலர் மாட்டுவார்கள். செலவு ஸ்லைடில் "ஒரு மிதவைக்கு" என்று இருந்தது. மிதவை என்றால் என்ன என்று சொன்ன ஸ்லைடு வெட்டில் போய்விட்டது. ஆகவே செலவிலேயே "12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம்" என்று ஒரு வரி சேர்த்தேன். மிஞ்சியதை வரிசையாக வாய்விட்டுப் படியுங்கள். "முன்பு பார்த்தபடி" என்று வரும் இடமெல்லாம் இடறும். அந்த இடத்தை ஒட்டுங்கள்.

வெட்டியதை அழிக்க வேண்டாம். பவர்பாயின்ட்டில் Hide Slide கொடுங்கள். யாராவது கேட்டால் எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் அந்த ஸ்லைடு வந்துவிடும். எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

"அதிகாரிகளுக்குப் பின்னணி தெரிய வேண்டாமா?" என்று சிலர் சண்டைக்கு வரலாம். பின்னணியை அச்செடுத்துக் கையில் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது?

எனக்குத் தீராத கடுப்பு ஒன்றுதான். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் நேரம் தாராளமாக இருக்கும். கடலில் இறங்குபவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் மணியடிப்பார்கள். அன்றைக்கும் வரவேற்புரை எங்கள் பேச்சைவிட நீளம்.