குறுக்கெழுத்தும் மூளைப் பயிற்சி கேமும் மறதியைத் தடுக்குமா?

“அப்பாவுக்கு 68 வயது, திருகோணமலையில் இருக்கிறார். தினமும் பேப்பரில் குறுக்கெழுத்து, போனில் ஞாபகசக்தி கேம். இனி மறதி நோய் வராதுதானே?”

அப்படி உறுதி சொல்ல முடியாது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், பெயர் ஆக்டிவ். ஒரு குழுவுக்கு ஞாபகப் பயிற்சி, ஒன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, இன்னொன்றுக்கு வேகப் பயிற்சி, நாலாவதற்கு எதுவுமில்லை. எதைப் பழகினார்களோ அதில்தான் கெட்டிக்காரர் ஆனார்கள். பட்டியலை மனப்பாடம் செய்யப் பழகியவருக்குத் தர்க்கக் கணக்கு சுலபமாகிவிடவில்லை.

ஆனால் 10 வருடம் கழித்துப் பார்த்தபோது வேகப் பயிற்சிக் குழுவில் மட்டும் மறதி நோய் அபாயம் 29 சதவீதம் குறைவு, ஞாபகப் பயிற்சிக் குழுவில் அப்படி இல்லை (வேடிக்கைதான்!). அந்தப் பயிற்சியில் திரையின் நடுவே ஒரு வாகனம் கண் சிமிட்டும் நேரம் தோன்றும், அதே கணம் ஓரத்தில் இன்னொன்று, இரண்டையும் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்லச் சொல்ல நேரம் சுருங்கும். இந்த ஒரு முடிவை வைத்துப் போனில் வரும் எல்லா கேமுக்கும் காசு கட்ட வேண்டாம்.

குறுக்கெழுத்து பெரும்பாலும் தெரிந்த சொல்லைத் தேடி எடுக்கும் வேலை, பழகியவருக்குக் கை தானாக ஓடும். அதனால் கட்டம் முழுக்க நிரப்புகிறார் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உவர்மலையில் இருந்து சந்தைக்குப் போனவர் பழகிய வழியில் தடுமாறினால், காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்டால், டாக்டரிடம் கூட்டிப் போங்கள், காது சரியாகக் கேட்காததும் மறதி போலத் தெரியலாம், அதனால் அப்படியே காதையும் பரிசோதியுங்கள்.