கோவையில் மாடி வீடு, நாலு பேர். சோலார் வாட்டர் ஹீட்டர் வைப்பதா, இல்லை சோலார் பேனல் போட்டு கெய்சர் ஓட்டுவதா?

உங்கள் மாடித் தொட்டிக்கு ஏறுவது சிறுவாணித் தண்ணீரா, போர் தண்ணீரா? அதிலேயே பாதி முடிவு இருக்கிறது.

முதலில் கணக்கு. ஆளுக்கு 25 லிட்டர் வீதம் 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க 1.75 யூனிட் ஆகும். வீணாகும் சூட்டையும் சேர்த்து இரண்டரை யூனிட் என்று வையுங்கள். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருகிறது.

100 லிட்டர் கண்ணாடிக் குழாய் ஹீட்டர் ஏறக்குறைய 20,000 ரூபாய். 3 கிலோவாட் பேனல் சுமார் 2 லட்சம், பி.எம். சூர்ய கர் மானியம் 78,000 கழித்தால் 1.2 லட்சம் கையிலிருந்து போகும். வெந்நீருக்கு மட்டும்தான் என்றால் ஹீட்டரே மலிவு, அதில் பேச்சே இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் யாருக்கு வெந்நீர் வேண்டும்? வெயில் கொளுத்தும்போது ஹீட்டர் சும்மா நிற்கும், பேனல் ஏசியை ஓட்டும். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால் நான் பேனல் பக்கம்தான். காலை ஆறு மணிக்குக் கெய்சர் இழுக்கும் கரண்டை, பகலில் நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டில் நெட் மீட்டர் கழித்துக்கொள்ளும்.

இப்போது தண்ணீர். சாதாரண கண்ணாடிக் குழாய் ஹீட்டரில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. போர் தண்ணீர் என்றால் உள்ளே சுண்ணாம்பு படிந்து, நல்ல வெயிலிலும் சூடு குறைந்துகொண்டே வரும். சூடு குறைந்தால் குழாயின் மூடிய நுனியையும் பாருங்கள். அங்கே வெள்ளி மாதிரி மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் குழாயின் வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாயை மாற்றத்தான் வேண்டும். கெய்சரிலும் உப்பு படியும்தான். ஆனால் காயிலையும் ஆனோடு கம்பியையும் குறைந்த செலவில் மாற்றிவிடலாம், 50 டிகிரிக்கு மேல் வைக்காமல் ஓட்டினால் படிவதும் குறையும்.

இன்னொன்று, தூரம். மொட்டை மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு 15 மீட்டர் முக்கால் இஞ்ச் குழாய் என்றால் அதற்குள்ளேயே 4 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். வெந்நீர் வருவதற்கு முன் ஒவ்வொருவரும் அதைத் திறந்துவிட வேண்டும்.

ஆகவே போர் தண்ணீர், பில்லும் பெரிது என்றால் பேனலும் கெய்சரும். சிறுவாணித் தண்ணீர், பில் சிறியது, குளியலறை மாடியிலேயே என்றால் ஹீட்டர். கரண்ட் போனால் சாதாரண நெட் மீட்டர் பேனலும் நின்றுவிடும், ஹீட்டரில் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். அது ஹீட்டருக்கு உள்ள பெரிய பலம். ஹீட்டர் வாங்குவதானால் தொட்டிக்குள் மின் காயில் பொருத்தும் வசதி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மூடாக்காக இருக்கும் நாட்களில் அது இல்லாமல் முடியாது.