ஆட்டிசம் என்று சொன்ன பிறகு பெற்றோருக்கு எழுதும் கடிதம்: கேள்வி பதில்

பயிற்சியில் இருக்கும் உளவியலாளர்: மேடம், நேரில் விளக்குகிறோம், முழு அறிக்கையும் தருகிறோம். அப்புறம் தனியாக ஒரு கடிதம் எதற்கு? எதில் தொடங்குவது?

ஆட்டிசம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு நாம் பேசுவது பெரும்பாலும் மனதில் ஏறாது. அறிக்கை மற்ற நிபுணர்களுக்கு. கடிதம், பிள்ளை தூங்கிய பிறகு அவர்கள் எடுத்துப் படிப்பதற்கு. இரண்டு பக்கத்தைத் தாண்டவிட மாட்டேன்.

பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பற்றி, "சமூகத் தொடர்பில் தரரீதியான குறைபாடு காணப்படுகிறது" என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்: "சோப்புக் குமிழி டப்பாவை அவனால் திறக்க முடியவில்லை. என் கையைப் பிடித்து மூடியின் மேல் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை." படித்ததும் அவன் அம்மா, "வீட்டிலும் கதவைத் திறக்க இப்படித்தான் என் கையை இழுப்பான்" என்றார்.

அதற்கு அடுத்த வரியில்தான் முடிவு வந்தது: "இது ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தையே சுழற்றுவது, திடீர்ச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வது எல்லாம் சேர்ந்துதான் ஆட்டிசம் என்கிறோம்."

பேச்சுப் பயிற்சியாளர்: நான் 'லேசான ஆட்டிசம்', 'ஆட்டிசச் சாயல்' என்றுதான் எழுதச் சொல்வேன். பெற்றோர் உடைந்துபோகாமல் இருக்க வேண்டாமா?

மென்மையாக எழுத வேண்டும் என்பது சரி. ஆனால் 'சாயல்' என்று படித்தவர்கள், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்துவிடுகிறார்கள். முடிவு உறுதியென்றால் அந்தச் சொல்லை ஒரு தடவையாவது நேராக எழுதுங்கள்.

ஒரு அப்பா: எங்களுக்கு வந்த கடிதத்தில் 'நிலை 2' என்று போட்டிருந்தது. அடுத்து 3-க்குப் போய்விடுமோ என்று பயந்து ஒரு வாரம் தூங்கவில்லை.

நோய் முற்றுவதைக் காட்டும் எண் இல்லை அது. 2013-ல் வந்த DSM-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு கொண்டுவந்த முறை. இன்றைக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை 1 முதல் 3 வரை குறிக்கிறார்கள். மற்றவர்களோடு பேசிப் பழகுவது ஒரு பக்கமும் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் இன்னொரு பக்கமுமாகத் தனித்தனியே பார்ப்பார்கள். இரண்டுக்கும் ஒரே எண்தான் வர வேண்டும் என்றில்லை. பின்னால் மாறவும் செய்யலாம். உங்களுக்கு எழுதியவர் எண்ணுக்குப் பக்கத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். விளக்க இடமில்லை என்றால் நான் எண்ணையே போடமாட்டேன்.

ஒரு அம்மா: இந்தக் கடிதத்தைப் பள்ளியில் கொடுத்தால் போதுமா?

போதாது. பள்ளிக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இது உங்களுக்கு எழுதியது.

அதே அப்பா: பேசுவானா என்று அதில் ஒரு வரிகூட இல்லையே?

மூன்று வயதில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதைத்தான் எழுத வேண்டும். நான் எழுதுவது: "இப்போது சொல்ல முடியவில்லை. முதலில் காது கேட்கும் பரிசோதனையை முடியுங்கள், பேச்சுப் பயிற்சியைத் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து, வேண்டியதைச் சுட்டிக் காட்டுகிறானா என்று சேர்ந்து பார்ப்போம்." 'சொல்ல முடியவில்லை' என்ற வரியே வேண்டாம் என்கிறார் என்னுடன் வேலை செய்யும் ஒருவர். எங்களுக்குள் அந்த வாதம் இன்னும் முடியவில்லை.