சாணி வண்டின் நேர்பாதை

மட்டக்களப்பில எங்கட மாட்டுப் பட்டியடியில சாணி வண்டு உருண்டையை நேராகவே உருட்டுது. ஏன்? திசை எப்படித் தெரியும்?

குவியலருகே உருண்டையைப் பறிக்க மற்ற வண்டுகள் காத்திருக்கும். வளைந்து போனால் திரும்ப அவற்றிடமே மாட்டிக்கொள்ளும். நேர்கோடுதான் சீக்கிரம் தப்பும் வழி.

தலைகீழாக, பின்னங்கால்களால் தள்ளுவதால் போகுமிடம் தெரியாது. அதனால் வானத்தைப் பார்க்கிறது. கிளம்புமுன் உருண்டை மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றும்; நாளைக்குக் கவனித்துப் பாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று அப்போதுதான் பதித்துக்கொள்கிறது. ஆய்வாளர்கள் சூரியனை மறைத்து, எதிர்ப்பக்கம் கண்ணாடியில் காட்டினால் வண்டும் திரும்பிவிடும்.

இரவில் உருட்டும் வண்டுக்கு நிலா. நிலா இல்லையென்றால் பால்வீதி! 2013 இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வில், வானத்தை மறைக்கும் அட்டைத் தொப்பி மாட்டிய வண்டுகள் வளைந்து வளைந்து அலைந்தன. ஒளி ஊடுருவும் தொப்பி மாட்டியவை நேராகவே போயின. முகில் மூடிய இரவிலும் வண்டுகள் தடுமாறும்.