உட்கார்ந்திருப்பவரின் படத்தில் புடவையை மாற்றுவது

கேள்வி: வேலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் நூல் புடவையை ஃபோட்டோஷாப்பில் ஆரணிப் பட்டாக மாற்றினால் அட்டை ஒட்டியது போலத் தெரிகிறது. பக்கத்தில் பேத்தி முதுகு காட்டி நிற்கிறாள். என்ன செய்வது?

நின்றபடி எடுத்த புடவையை அப்படியே ஒட்டுவதுதான் காரணம். உட்காரும்போது மடியில் துணி நம்மை நோக்கிப் படுத்துவிடும், முழங்காலுக்குக் கீழே மறுபடி தொங்கும். அதனால் புதிய புடவையை மார்பு, மடி, முழங்காலுக்குக் கீழ் என்று மூன்றாக வெட்டி, தனித்தனி லேயரில் `Warp` செய்யுங்கள். மடித்துண்டின் உயரத்தை நன்றாகக் குறுக்க வேண்டும். கரை முழங்காலில் திசை மாறாமல் ஒரே கோடாக ஓடினால், கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் சுருக்கங்கள். அவற்றை வரையவே வேண்டாம், பழைய புடவையில் இருக்கின்றன. அதை நகலெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, `Levels`-ல் வெளுக்க வைத்து, புதிய துணிக்கு மேலே `Multiply`-ல் வையுங்கள். இடுப்பருகே துணி கசங்கிய இடத்தில் ஜரிகையும் அந்த மடிப்போடு உடைய வேண்டும். அங்கே மட்டும் கையால் சிறிது தள்ளுங்கள். பழைய புடவையில் பூ போட்டிருந்தால் அதுவும் மேலே தெரியும், இந்த வழி சரிவராது.

பேத்திக்கு முன்கொசுவம் தேவையே இல்லை. முந்தானை இடது தோளிலிருந்து பின்னால் விழுவதால், படத்திலும் இடப்பக்கம்தான் வரவேண்டும்.