மாத முடிவில் மூலப்பொருள் மாறுபாடுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு பொருளுக்கு 2 கிலோ, கிலோ 50 என்பது ஸ்டாண்டர்டு. இந்த மாதம் 5,000 கிலோவை 53 வீதம் வாங்கினோம். 4,200 கிலோ ஸ்டோரிலிருந்து போனது, 2,000 பொருள் முடிந்தது. ஆரம்ப இருப்பு இல்லை. பயன்பாட்டு மாறுபாடு 200 கிலோ × 53 = 10,600 பாதகம் என்று போட்டேன், ஆடிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?

பதில்: 53-ஆல் பெருக்கியதுதான் தவறு. சரக்கு உள்ளே வந்த அன்றே கிலோவுக்கு 3 வீதம் 5,000 கிலோவுக்கும் 15,000-ஐ விலை மாறுபாட்டுக் கணக்கில் பற்று வைத்திருப்பீர்கள். சரக்குக் கணக்கில் 50 வீதம் 2,50,000 மட்டும் ஏறியிருக்கும். பிறகு 53-ல் வெளியே எடுத்தால் அந்த 3 இரண்டு இடத்தில் உட்காரும். எனவே 200 × 50 = 10,000. ஆனால் அந்த 200 கிலோவையே நான் இன்னும் நம்பவில்லை. மாதக் கடைசியில் தளத்தில் பாதி முடிந்த பொருள் எத்தனை இருந்தது?

அதே நபர்: 80. மூலப்பொருள் முழுதும் போட்டாயிற்று, அசெம்பிளிதான் பாக்கி. முடிந்த எண்ணிக்கையில் அவற்றைச் சேர்க்கவில்லை.

பதில்: அப்படியென்றால் 160 கிலோ அங்கே இருக்கிறது, வீணாகவில்லை. 2,080 பொருளுக்கு 4,160 கிலோ அனுமதி. மிகுதி 40 கிலோ, மாறுபாடு 2,000 பாதகம். இதைக் கேட்காமல் 10,000 என்று அறிக்கை போயிருந்தால், உற்பத்திப் பிரிவு செய்யாத தவறுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும். மூலப்பொருள் தொடக்கத்திலேயே முழுதும் சேருமா, படிப்படியாகச் சேருமா என்பதையும் கேளுங்கள். படிப்படியாகச் சேர்ந்தால் 80-ஐ முழுதாக எண்ணக்கூடாது.

இன்னொருவர்: எங்களுக்கு நேர்மாறு. போன மாதம் பயன்பாட்டில் பெரிய சாதகம். நல்ல தரமான சரக்கு வாங்கியதால்தான் என்று கொள்முதல் பிரிவு சொல்கிறது.

பதில்: இருக்கலாம். முதலில் அந்த மாதத்தின் கடைசி இரண்டு நாள் வெளியீட்டுச் சீட்டுகளைப் பாருங்கள். உற்பத்தியைப் பதிந்துவிட்டு, அதற்கான சரக்கு வெளியீட்டை அடுத்த மாதம் பதிந்தால் இப்படித்தான் தோன்றும். அடுத்த மாதம் ஏறக்குறைய அதே அளவு பாதகமாகத் திரும்பி வந்தால் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டோரில் எண்ணிப் பார்த்தால் இன்றே தெரிந்துவிடும்: கணக்கில் உள்ளதைவிட நேரில் சரக்கு குறையும்.

முதல் நபர்: சரி, என்னுடைய 15,000 விலை மாறுபாட்டை முழுதும் லாப நட்டத்துக்குக் கொண்டுபோகலாமா? முடிந்த 2,000-ல் 1,500 விற்றாயிற்று.

பதில்: மாதாந்திர உள் அறிக்கைக்குப் பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். வெளியே போகும் நிதிநிலை அறிக்கையில், ஸ்டாண்டர்டு விலை உண்மை அடக்கத்துக்கு அருகில் இருந்தால்தான் அதை அப்படியே விடலாம் என்கிறது சரக்கிருப்புக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 2. 50-க்கும் 53-க்கும் 6 சதவீத இடைவெளி. பெரிய தொகை என்றால் பிரித்துப் போடுங்கள்.

சரக்கு இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே 3-ஐயும் அனுப்பினால் போதும். ஸ்டோரில் 800 கிலோ, 2,400. தளத்தில் 160 கிலோ, 480. விற்காத 500 பொருளில் 1,000 கிலோ, 3,000. இந்த 5,880 இருப்பில் தங்கும். விற்ற 1,500-ல் 3,000 கிலோவுக்கு 9,000, மிகுதி 40 கிலோவுக்கு 120, ஆக 9,120 லாப நட்டத்துக்கு. சரிபார்க்க எளிய வழி: ஸ்டோர் இருப்பு 40,000 + 2,400 = 42,400, அதாவது 800 × 53.

அந்த 40 கிலோ அசாதாரண வீணடிப்பு என்றால் 2,000-மும் அப்படியே செலவு, இருப்பில் ஏற்றக்கூடாது. எப்போதும் நடக்கும் சேதாரம் என்றால் ஸ்டாண்டர்டு 2 கிலோ என்பதே குறைவு, அதைத் திருத்தும்வரை இதையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

மற்றொருவர்: இவ்வளவு எதற்கு? நாங்கள் விலை மாறுபாட்டை வெளியீட்டின்போதுதான் எடுக்கிறோம். ஸ்டோர் இருப்பு உண்மை விலையிலேயே நிற்கும்.

பதில்: பாதி வேலை குறையும், அவ்வளவுதான். முடிந்த பொருளிலும் தளத்திலும் 3 மறைந்தே இருக்கும், அதைப் பிரித்தாக வேண்டும். அதோடு, சரக்கு மூன்று மாதம் ஸ்டோரில் கிடந்தால் வாங்கியவருக்கு விலையேற்றம் மூன்று மாதம் கழித்துத்தான் அறிக்கையில் தெரியும்.

அவரே: எங்கள் சரக்கு பத்து நாளுக்கு மேல் நிற்காது.

பதில்: அப்படியென்றால் உங்களுக்கு உங்கள் முறை போதும்.

வேறொருவர்: மாதாமாதம் ஸ்டாண்டர்டை மாற்றிவிட்டால் மாறுபாடே வராதே?

பதில்: வரும், வேறு பெயரில். 50-ஐ 53 ஆக்கிய கணமே 800 கிலோ இருப்பின் மதிப்பு 2,400 உயரும். அது மறுமதிப்பீட்டுக் கணக்கில் வரவாக நிற்கும். மேலே சொன்னபடி 2,400-ஐ ஏற்கெனவே இருப்பில் ஏற்றியிருந்தால், முதலில் அதைத் திருப்பிவிட்டுப் பிறகு விலையை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்டோர் இருப்பு கிலோ 56 என்று நிற்கும்.