28 எப்படி 35 ஆனது?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. காலாண்டுக் கணக்குத் தேர்வில் வகுப்பின் அதிகபட்ச மார்க்கே 80தான். அதை 100 ஆக்கி, எல்லாருக்கும் 25 சதவீதம் கூட்டிப் போட்டார்கள். இவனுக்கு 28 என்பது 35 ஆனது, பாஸ். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ 72 என்பது 90. அவளுக்கு 18 மார்க், இவனுக்கு 7 மட்டுமா? இது என்ன நியாயம்?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, கணக்கில் தப்பில்லை. படகில் பங்கு பிரிக்கும்போது மீன் விலை ஏறினால், இரண்டு பங்கு வைத்திருப்பவருக்கு ஏற்றமும் இரட்டிப்பாகத்தானே வரும்? அதே கதைதான். டீச்சர் 100-ஐ 80ஆல் வகுத்து, வரும் 1.25ஆல் எல்லா மார்க்கையும் பெருக்கியிருக்கிறார். ரேங்க் மாறாது, ஆனால் மார்க் இடைவெளி விரியும். இருவருக்கும் இடையே 44 இருந்தது, இப்போது 55.

வேறு விதமாகச் சொன்னால், 100 மார்க் தாளை 80 மார்க் தாளாக எண்ணித் திருத்தியிருக்கிறார். நடத்தாத பாடத்திலிருந்து 20 மார்க்குக்குக் கேள்வி வந்து, யாராலும் தொட முடியவில்லை என்றால் இது சரி. எல்லாருக்கும் 20 கூட்டியிருக்கலாமே என்பீர்கள். அப்போது உங்கள் மகனுக்கு 48 வரும், உண்மைதான். ஆனால் வெறும் 15 வாங்கியவனும் 35 தொட்டுப் பாஸாகிவிடுவான். அதற்குப் பெருக்குவதே மேல் என்பேன்.

என் குறை வேறு இடத்தில். இந்த முறை முழுக்க ஒரே ஒரு விடைத்தாளில் தொங்குகிறது. அன்று ஒரு பிள்ளை 96 வாங்கியிருந்தால் 28 என்பது 29தான் ஆகியிருக்கும், பெயில். அந்த 80 வாங்கிய பிள்ளை காய்ச்சலில் லீவு போட்டு, அடுத்த 72 முதலிடமாகியிருந்தால் 39. உங்கள் மகன் எழுதியது ஒரு வரிகூட மாறவில்லை, பாருங்கள்.

பெரிய இடத்திலும் இந்தக் கணக்கு உண்டு. பிளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங் சேரும்போது, 2006ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, மற்ற போர்டின் முதல் மார்க்கையும் நம் போர்டின் முதல் மார்க்கையும் சமமாக்குவார்கள். நம்மிடம் 100, அங்கே 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66. அங்கே போர்டு முழுவதிலும் முதல் மார்க்கை எடுப்பதால் ஒருவர் லீவு போட்டுக் கணக்கு ஆடிப்போவது குறைவு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் அப்படியில்லை.

டீச்சரைப் பார்த்து, அந்த 80 வாங்கிய தாளில் மார்க் போன கேள்விகள் எவை என்று கேளுங்கள். மற்றவர்களும் அதே கேள்விகளில்தான் விட்டிருந்தால் கேள்வித்தாளில் கோளாறு. ஆளுக்கொரு இடத்தில் போயிருந்தால் தாள் மேல் பழியில்லை, பெருக்கியதற்கும் காரணமில்லை. எப்படியானாலும் ரிப்போர்ட் கார்டில் 35க்குப் பக்கத்தில் பென்சிலால் 28 என்று குறித்து வையுங்கள். பொதுத்தேர்வில் உங்கள் வகுப்பின் முதல் மார்க்கை வைத்து யாரும் பெருக்கப் போவதில்லை. அங்கே பாஸாக இவனுக்கு இன்னும் 7 வேண்டும்.